பிரவுசரிலிருந்தே கைபேசித் திரையைப் படமெடுப்பது: வடிவமைப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணையதளங்களுக்கு நிரல் எழுதுவது என் வேலை. பக்கத்து மேசைகளில் இருப்பவர்கள் வடிவமைப்பாளர்கள். "தளம் போனில் எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் அனுப்புங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டதும் அவர்களுக்கு எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை எளியதிலிருந்து சிக்கலானதுவரை இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கங்கள் கணினியில் ஓடும் குரோமை வைத்து எழுதப்பட்டவை. மேக்கில் Ctrl என்று வரும் இடத்தில் Cmd அழுத்துங்கள்.

போனைக் கையில் எடுக்காமல், கணினியிலேயே போன் திரையைப் படமெடுக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம். தளத்தைக் குரோமில் திறந்து F12 அழுத்தினால் டெவலப்பர் கருவிகள் திறக்கும். அடுத்து Ctrl+Shift+M அழுத்துங்கள். பக்கம் ஒடுங்கி, அதன் மேல் ஒரு சிறு பட்டை வரும். இதை டிவைஸ் மோட் என்கிறோம். பட்டையின் இடப்பக்கத்தில் `Dimensions` என்ற பட்டியலில் ஒரு போனைத் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக `iPhone 12 Pro`. தேர்ந்தெடுத்தவுடன் பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்யுங்கள். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சில தளங்களின் சர்வர், கேட்பது போனா கணினியா என்று பார்த்து வேறு வேறு பக்கத்தை அனுப்பும். ரீலோட் செய்யாவிட்டால், கணினிக்காக வந்த பக்கத்தைப் போன் அளவுக்கு ஒடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

படமெடுக்க, அதே பட்டையின் வலக்கோடியில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்துங்கள். திரையில் தெரியும் பகுதி மட்டும் போதுமென்றால் `Capture screenshot`, மேலிருந்து கீழ்வரை முழுப் பக்கமும் வேண்டுமென்றால் `Capture full size screenshot`. படம் பிஎன்ஜி கோப்பாகத் தரவிறக்கங்கள் இருக்கும் கோப்புறைக்குப் போய்விடும்.

இதற்கு ஏன் இவ்வளவு வழி? பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து ஒடுக்கினால் போதாதா?

போதாது. முதலில், கணினியில் குரோம் ஜன்னலைச் சுமார் 500 பிக்சல் அகலத்துக்குக் கீழே ஒடுக்க முடியாது. சந்தையில் உள்ள போன்கள் பெரும்பாலும் 360 முதல் 430 வரைதான். நீங்கள் பார்ப்பது எந்தப் போனிலும் இல்லாத ஓர் அகலம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஜன்னலை ஒடுக்கும்போது பிரவுசர் தன்னைக் கணினியாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்தின் நிரலில் கீழே உள்ள வரி விடுபட்டிருந்தால், போன் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பிறகு பொடிப்பொடியாகச் சுருக்கிக் காட்டும். ஒடுக்கிய ஜன்னலில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. டிவைஸ் மோடில் உடனே தெரிந்துவிடும்.

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

எழுத்தெல்லாம் எறும்பு அளவில் வந்த ஸ்கிரீன்ஷாட்டை யாராவது காட்டினால் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

பட்டியலில் என் வாடிக்கையாளரின் போன் இல்லையே. எதைத் தேர்ந்தெடுப்பது?

போனின் பெயரைவிட அதன் சிஎஸ்எஸ் அகலம்தான் நமக்கு வேண்டியது. போன் பெட்டியில் 1080 × 2400 என்று அச்சிட்டிருப்பார்கள். அது திரையில் உள்ள உண்மைப் புள்ளிகளின் கணக்கு. பக்கத்தை அடுக்கும்போது பிரவுசர் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பல புள்ளிகளைச் சேர்த்து ஒரு சிஎஸ்எஸ் பிக்சலாகக் கொள்கிறது. ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதே `DPR`. 1080 புள்ளி அகலமுள்ள திரையில் அது 3 என்றால் பக்கத்தின் அகலம் 360. அதுவே 2.625 என்றால் சுமார் 412. இரண்டு போன்களின் பெட்டியிலும் ஒரே எண், ஆனால் பக்கம் அடுக்கப்படும் அகலத்தில் 52 பிக்சல் வித்தியாசம்.

எனக்குக் கைகொடுக்கும் தேர்வு மூன்று அகலங்கள்: 360, 390, 412. இவற்றில் 360-ஐ ஒருபோதும் விடாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. தலைப்பு உடைவதும் பொத்தானுக்குள் எழுத்து அடங்காமல் போவதும் பெரும்பாலும் இந்தக் குறுகிய அகலத்தில்தான். பட்டியலில் இல்லாத அளவை ஒருமுறை பதிந்து வைக்கலாம். `Dimensions` பட்டியலின் அடியில் `Edit…` போய் `Add custom device…` அழுத்தி, அகலம், உயரம், DPR மூன்றையும் கொடுங்கள். வகை `Mobile` என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது `Desktop` என்று இருந்தால், முந்தைய பதிலில் சொன்ன ஒடுக்கிய ஜன்னலுக்கே திரும்பிவிட்டீர்கள்.

390 அகலமுள்ள போனைத்தான் தேர்ந்தெடுத்தேன். படம் 1170 பிக்சல் அகலத்தில் வந்திருக்கிறது. எங்கே தவறு?

தவறே இல்லை. மேலே சொன்ன DPR-இன் வேலை இது. ஐபோன் 12 புரோவின் அளவு 390 × 844, அதன் DPR 3. ஆகவே படம் 1170 × 2532. அந்தப் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் இதே அளவுதான் வரும். வடிவமைப்புக் கோப்பில் 390 அகலச் சட்டத்துக்குள் வைக்கும்போது படத்தின் அகலத்தையும் 390 என்று கொடுத்துவிடுங்கள். கூர்மை அப்படியே இருக்கும், இடைவெளிகளின் அளவும் உங்கள் வடிவமைப்போடு நேராகப் பொருந்தும்.

என் படம் மட்டும் மங்கலாக இருக்கிறது. அதே பக்கத்தை நண்பர் எடுத்தால் பளிச்சென்று இருக்கிறது. ஏன்?

நீங்கள் எடுத்தது விண்டோஸின் வெட்டும் கருவியாலா? அப்படியானால் காரணம் அதுதான். 844 பிக்சல் உயரம் பல மடிக்கணினித் திரைகளில் அடங்காது. டிவைஸ் மோட் அதை 75% அல்லது 50% ஆகச் சுருக்கிக் காட்டும். அந்த விகிதம் பட்டையிலேயே எழுதியிருக்கும். வெட்டும் கருவி கண்ணில் படுவதை மட்டுமே எடுக்கிறது. 75% என்றால் சாதாரணத் திரையில் 292 பிக்சல் அகலப் படம்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

`Capture screenshot` இந்தச் சுருக்கத்தைப் பொருட்படுத்தாது. திரையில் எந்த விகிதத்தில் தெரிந்தாலும் முழு 1170 வரும். எந்தக் கருவியால் எடுத்த படம் என்று சந்தேகம் வந்தால், கோப்பின் அகலத்தைப் பாருங்கள். அது சிஎஸ்எஸ் அகலத்தை DPR-ஆல் பெருக்கிய எண்ணாக இல்லையென்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

முழுப் பக்கத்தையும் எடுத்தேன். கீழே போகப் போகப் புகைப்படங்கள் இல்லாமல் வெறும் சாம்பல் கட்டங்கள். தளம் பழுதா?

தளம் சரியாகத்தான் வேலை செய்கிறது. வாசகர் அருகில் வரும்போதுதான் புகைப்படத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நிரலில் சொல்லியிருப்பார்கள். டேட்டாவை மிச்சப்படுத்த இது நல்ல ஏற்பாடு. நீங்கள் பக்கத்தின் உச்சியில் நின்றபடி முழுப் படம் கேட்டபோது கீழே உள்ள புகைப்படங்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஸ்க்ரோல் செய்யும்போது மெல்ல மேலெழும்பித் தோன்றும் பகுதிகளும் இதே காரணத்தால் காலியாக விழும்.

பக்கத்தின் அடிவரை நிதானமாக இறங்குங்கள். ஒரே தாவலில் அடிக்குப் போனால் நடுவில் உள்ளவை விடுபடும். எல்லாம் நிரம்பியதும் மறுபடி உச்சிக்கு வந்து படமெடுங்கள். தானாக நகரும் பேனர்கள் தொல்லை செய்தால் Ctrl+Shift+P அழுத்தி `Show Rendering` என்று தட்டுங்கள். அங்கே `prefers-reduced-motion` என்ற அமைப்பை `reduce` ஆக்கினால், அதை மதிக்கும்படி எழுதப்பட்ட தளங்களில் அசைவுகள் அடங்கிவிடும். இருள் தோற்றத்தைப் படமெடுக்க உதவும் `prefers-color-scheme` அமைப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

கீழே ஒட்டி நிற்கும் "வாங்கு" பொத்தான், முழுப் படத்தில் பக்கத்தின் நடுவில் பொருள்களை மறைத்துக்கொண்டு நிற்கிறது. எப்படி எடுப்பது?

திரையோடு ஒட்டி நிற்கும் எந்தப் பகுதிக்கும் முழுப் பக்கப் படத்தில் சரியான இடம் என்று ஒன்று கிடையாது. போனில் அது எப்போதும் கண்ணெதிரே இருக்கும். நீண்ட படத்திலோ ஏதாவது ஒரே இடத்தில்தான் விழ முடியும். ஆகவே அதை நீங்களே கையாள வேண்டும்.

பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து `Inspect` கொடுங்கள். `Elements` பகுதியில் அதன் வரி நீலமாகும். ஒட்டி நிற்பது அந்தப் பொத்தானைச் சுற்றியுள்ள பட்டையாக இருக்கலாம். அப்படியானால் ஒரு வரி மேலே போய் அதைத் தேர்ந்தெடுங்கள். மறைத்தால் போதுமென்றால் H எழுத்தை அழுத்துங்கள். மறுபடி H அழுத்தினால் திரும்பி வரும். பக்கத்தின் ஓட்டத்தோடு அதன் சொந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டுமென்றால் `Console` பகுதியில் இதைத் தட்டுங்கள்:

```js
$0.style.position = 'static'
```

`$0` என்பது நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் பகுதி. இந்த மாற்றம் உங்கள் திரையில் மட்டும்தான். ரீலோட் செய்தால் போய்விடும், தளத்துக்கு எதுவும் ஆகாது. குக்கி அனுமதி கேட்கும் பெட்டி, அரட்டைக் குமிழி எல்லாவற்றையும் இதே வழியில் ஒதுக்கலாம். ஆனால் வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது பொத்தான் ஒட்டி நிற்கும் ஒரு திரைப் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். மறைத்த படம் மட்டும் போனால், "பொத்தான் எங்கே?" என்று தொலைபேசி வரும்.

மிக நீளமான பக்கத்தில், பாதிக்குக் கீழே மறுபடியும் பக்கத்தின் மேல்பகுதியே வருகிறது. சில சமயம் வெறும் வெள்ளை. இது என்ன?

குரோம் வரையக்கூடிய படத்தின் உயரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் அது 16,384 பிக்சல். கணினியின் வரைகலைச் சிப்பு ஒரே தடவையில் தாங்கும் அளவு அது. அதைத் தாண்டினால் மிச்சப் பகுதி வெள்ளையாகவோ, மேல்பகுதியின் மறுபதிப்பாகவோ வந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. முழுப் படம் எடுத்தவுடன் அடிக்கோடியில் தளத்தின் அடிப்பகுதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

இங்கே கணக்கிட வேண்டியது பெருக்கிய பிறகு வரும் உயரம். ஒரு புடவைக் கடையின் பொருள் பட்டியல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 390 அகலத்தில் அதன் உயரம் 6,200 சிஎஸ்எஸ் பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். DPR 3-இல் படம் 18,600 பிக்சல் உயரம், வரம்பைத் தாண்டிவிட்டது. அதே பக்கம் DPR 2-இல் 12,400, பத்திரமாக அடங்கும். மூன்று புள்ளி மெனுவில் `Add device pixel ratio` கொடுத்தால் பட்டையில் DPR பெட்டி வரும். `Dimensions` பட்டியலில் `Responsive` தேர்ந்து, 390 × 844 என்று தட்டி, DPR-ஐ 2 ஆக்குங்கள். அகலம் மாறாததால் பக்கத்தின் அடுக்கு மாறாது, படத்தின் கூர்மை மட்டும் ஒரு படி குறையும். பக்கத்தின் உயரம் தெரியாவிட்டால் `Console`-இல் இதைக் கேட்கலாம்:

```js
document.documentElement.scrollHeight
```

அந்த நீண்ட படத்தை ஃபிக்மாவில் இழுத்துப் போட்டதும் எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. கோப்பைத் திறந்தால் கூர்மையாகத்தான் இருக்கிறது.

ஃபிக்மாவுக்கும் ஒரு வரம்பு உண்டு. எந்தப் பக்கமும் 4,096 பிக்சலுக்கு மேல் போகும் படத்தை அது உள்ளே எடுக்கும்போதே சுருக்கிவிடும். மேலே சொன்ன 780 × 12,400 படம் 4,096 உயரத்துக்குள் அடங்கச் சுருங்கினால், அகலம் சுமார் 258-தான் மிஞ்சும். அதை 390 சட்டத்துக்கு இழுத்தால் கரையாமல் என்ன செய்யும்?

படத்தைத் துண்டுகளாக எடுப்பதுதான் சரியான வழி. அதைப் பிறகு வெட்டிக்கொள்வதைவிட, பகுதி பகுதியாகவே படமெடுப்பது எனக்குப் பிடித்தது. `Elements`-இல் ஒரு பகுதியின் வரியை வலது கிளிக் செய்து `Capture node screenshot` கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் விளிம்பு பிசகாமல் படமாகும். தலைப்பகுதி, பொருள் வரிசை, வாடிக்கையாளர் கருத்துகள், அடிப்பகுதி என்று தனித்தனிக் கோப்புகள் கிடைத்தால், வடிவமைப்பில் உள்ள அதே பகுதிகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வசதி. DPR 3-இல் ஒரு துண்டு 1,365 சிஎஸ்எஸ் பிக்சல் உயரத்துக்குள் இருந்தால் ஃபிக்மா அதைத் தொடாது. DPR 2 என்றால் 2,048 வரை போகலாம்.

படத்தில் ஒரே வரியில் நின்ற தமிழ்த் தலைப்பு, உண்மையான போனில் இரண்டு வரியாகிவிட்டது. அகலம் ஒன்றுதான். எதை நம்புவது?

போனை நம்புங்கள். டிவைஸ் மோட் அகலத்தையும் DPR-ஐயும் தொடுதலையும் போன்போல ஆக்குகிறது. எழுத்துருக்களை ஆக்குவதில்லை. தளம் தனக்கென்று தமிழ் எழுத்துருவை அனுப்பாவிட்டால், எந்த இயங்குதளத்தில் பிரவுசர் ஓடுகிறதோ அதில் உள்ள தமிழ் எழுத்துருதான் வரும். விண்டோஸில் அது நிர்மலா யுஐ. மேக்கிலும் ஐபோனிலும் தமிழ் சங்கம் எம்என். ஆண்ட்ராய்டில் வழக்கமாக நோட்டோ சான்ஸ் தமிழ். ஒரே எழுத்தளவில் இவற்றின் அகலம் வேறு, வரி உயரம் வேறு, தடிமனும் வேறு. விண்டோஸில் டிவைஸ் மோடில் எடுத்த "ஆண்ட்ராய்டு" படத்தில் இருப்பது, ஆண்ட்ராய்டில் இல்லவே இல்லாத ஓர் எழுத்துரு.

ஆங்கிலத் தளங்களில் இது பெரும்பாலும் கண்ணுக்குப் படாமல் போகும், ஏனென்றால் வடிவமைப்பாளர் தேர்ந்த எழுத்துருவைத் தளமே அனுப்பிவிடும். தமிழ்த் தளங்களில் ஒரு பொறி இருக்கிறது. தளம் அனுப்பும் எழுத்துரு லத்தீன் எழுத்துகளுக்கு மட்டும் வடிவம் வைத்திருக்கும். தமிழ் வந்ததும் பிரவுசர் சத்தமில்லாமல் இயங்குதளத்தின் எழுத்துருவுக்குத் தாவிவிடும். நிரலில் எழுத்துருவின் பெயர் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இதைப் பிடிக்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. தலைப்பை `Inspect` செய்து, `Computed` பகுதியின் அடிவரை இறங்குங்கள். `Rendered Fonts` என்ற தலைப்பின் கீழ், உண்மையில் எந்த எழுத்துருவில் எத்தனை எழுத்துகள் வரையப்பட்டன என்று இருக்கும். அங்கே `Nirmala UI` என்றும் பக்கத்தில் `Local file` என்றும் இருந்தால், அந்தப் படத்தின் வரி முறிவுகளை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். `Network resource` என்று இருந்தால் எழுத்துரு தளத்திலிருந்து வருகிறது, போனிலும் அதுவே வரும். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்ற தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தளமே அனுப்பும்படி நிரலாளரிடம் சொல்லிவிட்டால், படத்துக்கும் போனுக்கும் இருந்த இந்த வேறுபாடு ஏறக்குறைய தீர்ந்துவிடும். எமோஜிகள் மட்டும் இயங்குதளத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

ஐபோனைத் தேர்ந்தெடுத்து எடுத்த படம் சஃபாரியில் தெரிவதைக் காட்டுகிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. `iPhone 12 Pro` என்று தேர்ந்தாலும் பக்கத்தை வரைவது குரோமின் பிளிங்க் என்ஜின்தான். சஃபாரியில் ஓடுவது வெப்கிட். குரோம் தன் பெயரை ஐபோன் என்று சர்வரிடம் சொல்கிறது, அவ்வளவே. ஃபயர்பாக்ஸிலும் Ctrl+Shift+M, மேக்கில் மட்டும் Cmd+Option+M, அழுத்தினால் இதேபோன்ற வசதி வரும். அங்கே வரைவது ஃபயர்பாக்ஸின் என்ஜின்.

அடுக்கும் இடைவெளியும் வண்ணமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பொத்தான், தேதிப் பெட்டி, தேர்வுப் பட்டியல் போன்ற படிவ உறுப்புகள்தான் மாறித் தெரியும். "390 அகலத்தில் அடுக்கு இப்படி இருக்கும்" என்று சொல்லுங்கள். அது உண்மை. வெப்கிட்டில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கடைசிக்கு முந்தைய கேள்வியில் ஒரு வழி சொல்லியிருக்கிறேன்.

முகப்பில் "இப்போதே பதிவு செய்யுங்கள்" பொத்தான் படத்தில் அடியில் அழகாகத் தெரிகிறது. போனில் திறந்தால் அது திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஏன்?

படத்தின் 844 பிக்சலும் உங்கள் பக்கத்துக்கே கிடைத்தது. போனில் அப்படி இல்லை. மேலே கடிகாரமும் பேட்டரியும் உள்ள பட்டை, சஃபாரியின் முகவரிப் பட்டை, கருவிப் பட்டை எல்லாம் அதே 844-க்குள் பங்கு கேட்கும். ஐபோன் 12, 13 வகைகளில் பக்கத்தைத் திறந்த கணத்தில் சுமார் 664 பிக்சல்தான் உங்களுக்கு. 180 பிக்சல் காணாமல் போகிறது. அது ஒரு பொத்தானையும் அதன் மேலுள்ள இரண்டு வரிகளையும் விழுங்கப் போதுமான அளவு.

ஸ்க்ரோல் செய்யாமல் முதல் பார்வையில் என்ன தெரியும் என்பதைக் காட்ட வேண்டிய படமென்றால், 390 × 664 என்று ஒரு தனி அளவைப் பதிந்துகொண்டு அதில் எடுங்கள்.

பொத்தான் இன்னொரு காரணத்தாலும் மறையும். முகப்பின் உயரத்தை நிரலில் `100vh` என்று கொடுத்திருப்பார்கள். போன் பிரவுசர்கள் அதை முகவரிப் பட்டை சுருங்கிய பிறகு கிடைக்கும் பெரிய உயரமாகக் கணக்கிடுகின்றன. பக்கம் திறக்கும்போது பட்டை விரிந்திருப்பதால் அடிப்பகுதி அதற்குப் பின்னால் போய்விடும். டிவைஸ் மோடில் பட்டையே இல்லை, அதனால் கோளாறும் தெரியாது. `100svh` என்று எழுதினால் பட்டை விரிந்திருக்கும்போது கிடைக்கும் சிறிய உயரத்தைப் பிரவுசர் எடுத்துக்கொள்ளும். 2022-இலிருந்து குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றும் இதை ஏற்கின்றன. உங்கள் நிரலாளருக்கு இந்த ஒரு சொல்லை அனுப்பினால் போதும், புரிந்துகொள்வார்.

கீபோர்டு மேலெழும்பிய நிலையில் படிவம் எப்படித் தெரியும் என்று இதில் எடுக்க முடியுமா?

முடியாது. டிவைஸ் மோடில் கீபோர்டு வராது. ஐபோனில் 16 பிக்சலுக்குக் குறைந்த எழுத்துள்ள பெட்டியைத் தொட்டால் சஃபாரி பக்கத்தையே பெரிதாக்கிவிடும், அதுவும் இங்கே தெரியாது. படிவங்களுக்கு உண்மையான போன் வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் கணினியோடு இணைத்து, கணினிக் குரோமில் `chrome://inspect/#devices` என்று திறந்தால் போனில் உள்ள பக்கங்கள் பட்டியலிடப்படும். `inspect` அழுத்தினால் போனில் ஓடும் பக்கத்தையே கணினியிலிருந்து ஆராயலாம். H எழுத்து, `Rendered Fonts` எல்லாம் அங்கேயும் வேலை செய்யும். கீபோர்டோடு சேர்ந்த படத்துக்குப் போனின் சொந்த ஸ்கிரீன்ஷாட்தான்.

படத்தைச் சுற்றி போனின் உடல் வரைந்தது போல் வர வேண்டும். அதற்கும் வழி உண்டா?

மூன்று புள்ளி மெனுவில் `Show device frame` இருக்கிறது. அதை இயக்கிய பின் `Capture screenshot` எடுத்தால் சட்டமும் சேர்ந்து வரும். சில போன்களுக்குத்தான் சட்டப் படம் இருக்கிறது, அவையும் பழையவை. வாடிக்கையாளருக்கான அளிப்புக்கு உங்கள் வடிவமைப்புக் கோப்பிலேயே சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்குச் சட்டமில்லாத படமே நல்லது, ஏனென்றால் அளவுகள் நேராகப் பொருந்தும்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அதே பத்துப் பன்னிரண்டு பக்கங்களை எடுக்க வேண்டியிருக்கிறது. கையால் எடுத்து அலுத்துவிட்டது.

பிளேரைட் என்ற இலவசக் கருவி இதற்கு ஏற்றது. கணினியில் Node.js நிறுவியிருந்தால், டெர்மினலில் முதலில் வெப்கிட்டை இறக்கிக்கொண்டு பிறகு படமெடுக்கலாம்:

```
npx playwright install webkit
npx playwright screenshot --device="iPhone 13" --full-page --wait-for-timeout=3000 https://example.com mugappu.png
```

ஐபோன் பெயரைக் கொடுத்தால் இது வெப்கிட்டையே திறக்கும். திரை உயரமும் நான் மேலே சொன்ன 664 ஆகவே இருக்கும். குரோமின் டிவைஸ் மோடைவிடச் சஃபாரிக்கு இது நெருக்கம். ஆனால் ஓடுவது உங்கள் கணினியில். விண்டோஸில் ஓட்டினால் எழுத்துருச் சிக்கல் அப்படியே இருக்கும், அதற்குத் தளமே எழுத்துரு அனுப்புவதுதான் தீர்வு. 3000 என்பது மூன்று விநாடிக் காத்திருப்பு. தாமதமாக வரும் புகைப்படங்களுக்கு அது மட்டும் போதாது. பக்கத்தைக் கீழே உருட்டும் ஒரு சிறு நிரலை நிரலாளர் எழுதித் தர வேண்டும்.

நானும் நிரலாளரும் ஒரே பக்கத்தை, ஒரே போன் அளவில் எடுத்தோம். இரண்டு படமும் ஒத்துப்போகவில்லை. யாருடையது சரி?

பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும், எடுத்த சூழல்தான் வேறு. ஒருவர் தளத்தில் உள்நுழைந்திருப்பார், மற்றவர் இல்லை. ஒருவருடைய கணினி இருள் தோற்றத்தில் இருக்கும். விளம்பரத் தடுப்பான் ஒரு பகுதியையே தூக்கியிருக்கும், கீழே உள்ளதெல்லாம் மேலே ஏறியிருக்கும். இருவரும் மறைநிலைச் சாளரத்தில், Ctrl+Shift+N, புதிதாகத் திறந்து எடுங்கள். நீங்களாக அனுமதித்திருந்தால் ஒழிய நீட்சிகள் அங்கே ஓடாது. அதற்குப் பிறகும் வரிகள் வேறாக முறிந்தால் ஒருவர் மேக், மற்றவர் விண்டோஸ் என்று வைத்துக்கொண்டு `Rendered Fonts`-ஐப் பாருங்கள்.

எங்கள் குழுவில் கோப்பின் பெயரிலேயே சூழலை எழுதிவிடுகிறோம்: `porul-390x664-dpr3-chrome-win-dark.png`. பக்கம், அளவு, DPR, பிரவுசர், இயங்குதளம், தோற்றம் எல்லாம் பெயரிலேயே இருக்கும். இரண்டு படங்கள் முரண்படும்போது முதலில் பெயர்களை ஒப்பிடுகிறோம். பெயரிலேயே வித்தியாசம் தெரிந்தால், அதே சூழலில் ஒருமுறை திரும்ப எடுத்த பிறகுதான் நிரலைத் திறக்கிறோம்.